ஐந்து கேள்விகளில் பணி ஈடுபாட்டை அளத்தல்: 26 பேர் கொண்ட ஒரு பிரிவுக்கான செய்முறை

முதலில் ஐந்து கூற்றுகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் 1 (சற்றும் உடன்படவில்லை) முதல் 5 (முழுதும் உடன்படுகிறேன்) வரை மதிப்பெண் கேளுங்கள். ஒரு கூற்றில் ஒரு செய்தியே இருக்க வேண்டும். ‘மேலாளர் நியாயமாகவும் விரைவாகவும் முடிவெடுக்கிறார்’ என்று கேட்டால், குறைந்த மதிப்பெண் நியாயத்துக்கா வேகத்துக்கா என்று தெரியாது. இதற்குத் தனி மென்பொருள் வாங்குவது வீண்செலவு என்பது என் கருத்து. கூகுள் ஃபார்ம்ஸ் போதும், மின்னஞ்சல் முகவரி சேகரிக்கும் அமைப்பை மட்டும் மறவாமல் நிறுத்திவிடுங்கள்.

ஆனால் பெயர் கேட்காததாலேயே பதிலளித்தவர் மறைந்துவிடுவதில்லை. எங்கள் பிரிவின் 26 பேரும் 12, 11, 3 பேர் கொண்ட மூன்று குழுக்களாக இருந்தனர். ஐந்து பேருக்குக் குறைந்த குழுவின் முடிவைத் தனியே காட்டுவதில்லை என்ற வழக்கப்படி மூவர் குழுவை மறைத்தோம். எல்லோரும் பதிலளித்திருந்த நிலையில், ‘வேலைக்குத் தேவையான தகவல் உரிய நேரத்தில் கிடைக்கிறது’ என்ற கூற்றுக்கு 4 அல்லது 5 அளித்தவர்கள் பிரிவு முழுவதிலும் 13 பேர்; முதல் குழுவில் 5, இரண்டாவதில் 8. கழித்துப் பார்த்தால் மீதி பூச்சியம். மூவரில் ஒருவர்கூட உடன்படவில்லை என்பது வெளிப்பட்டுவிடுகிறது. ஆகவே சிறிய குழுவை மறைப்பதோடு நில்லாமல் இன்னொன்றோடு இணைத்து, 14 பேரில் 8 பேர் என்று வெளியிடுவதே பாதுகாப்பானது.

அடுத்து, சராசரியை நம்பாதீர்கள். அதே கூற்றுக்கு முதல் குழுவின் மதிப்பெண்கள் 5, 5, 5, 4, 4, 3, 2, 2, 2, 2, 1, 1. சராசரி 3 என்பதால் குழு நடுநிலையில் இருப்பதுபோல் தோன்றினாலும், நடுவில் நிற்பவர் ஒருவரே. ஐவர் நிறைவோடும் அறுவர் குறையோடும் இருக்கிறார்கள். இந்த மதிப்பெண்கள் விரிதாளில் C2 முதல் C13 வரை இருந்தால், உடன்பட்டோர் விழுக்காட்டை இப்படிக் கணக்கிடலாம்:

```
=COUNTIF(C2:C13,">=4")/COUNT(C2:C13)
```

விடை 42%. இத்தகைய சிறு குழுவில் ஒருவர் மனம் மாறினாலே எட்டு புள்ளிகள் அசையும் என்பதால், ஐந்து பத்து புள்ளி ஏற்ற இறக்கத்தை முன்னேற்றமென்றோ சரிவென்றோ அறிவிக்க வேண்டாம்.

இரண்டு வாரத்துக்குள் முடிவுகளைக் குழுவிடம் காட்டி, ‘தகவல் தாமதமான அண்மை நிகழ்வு எது?’ என்று கேளுங்கள். ‘யார் குறைத்து மதிப்பிட்டது?’ என்ற தொனி வந்தால் அடுத்த முறை எல்லோரும் 4 போட்டுவிடுவார்கள். எங்கள் உரையாடலில், மாலை முறையில் பணியாற்றுவோர் காலைக் கூட்டத்தின் முடிவுகளை அறிவதேயில்லை என்பது தெரிந்தது. கூட்டம் முடிந்ததும் முடிவுகளை எழுதிப் பகிரும் பொறுப்பு ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மற்ற கூற்றுகளை அப்போதைக்குத் தொடவில்லை.

பின்சேர்க்கை: மறு ஆய்வில் சொற்களைச் செம்மைப்படுத்தலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கூடாது; கூற்று மாறினால் பழைய 42 விழுக்காட்டோடு ஒப்பிட வழியில்லை. மூன்று மாதம் கழித்து அதே கூற்றை, அதே அளவுகோலில், அதே குழுப் பிரிப்போடு கேளுங்கள்.