அட்டவணையை மைக்கில் வாசிக்காதீர்கள்

எங்கள் பக்கத்தில் ஆண்டுக் கூட்டம் என்றால் யாராவது ஒருவர் எழுந்து கணக்குச் சுருக்கம் வாசித்தே ஆக வேண்டும். நகரத்தார் விடுதி, சிவன் கோயில் திருப்பணி, ஊரணி தூர்வாரல், எதுவாக இருந்தாலும் சரி. அதை எழுதும் வேலை பெரும்பாலும் ஊரில் கம்ப்யூட்டர் தெரிந்த தம்பி ஒருவர் தலையில் வந்து விழும். காரைக்குடி, தேவகோட்டை சுற்றுவட்டாரத்தில் இப்படிப்பட்ட சுருக்கங்களைத் திருத்திக் கொடுப்பது என் வழக்கம். புதிதாக எழுத வருகிறவர்கள், ஆரம்பத்தில் நாங்களெல்லாம் செய்த அதே தப்புகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். மெதுவாகப் படி, மைக்கைத் தட்டாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

அட்டவணையை அப்படியே வாய்க்குக் கொண்டுவருவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு ஊரில் ஊரணி தூர்வார வசூல் நடந்தது. மொத்தம் 6 லட்சம் என்று முடிவு செய்து தெருவாரியாகப் பிரித்தார்கள், வெளியூரில் இருக்கும் புள்ளிகளுக்கு, அதாவது ஊரைச் சேர்ந்த குடும்பங்களுக்கு, தனியாக ஒரு பங்கு. கணக்கு எழுதிய தம்பி நல்ல கெட்டிக்காரர். விதித்தது, வந்தது, வர வேண்டியது என்று மூன்று பத்தி போட்டு அழகாக அட்டவணை தயாரித்திருந்தார். கிழக்குத் தெருவின் வரியில் 1,20,000, 90,000, 30,000 என்று இருந்தது. அந்த 30,000-க்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அடியில் சின்ன எழுத்தில், காசோலையாக வந்துவிட்டது, வங்கிக் கணக்கில் இன்னும் ஏறவில்லை என்று குறிப்பு. தாளில் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது.

கூட்டத்தில் அதை வாசித்தது இப்படி: "கிழக்குத் தெரு, ஒரு லட்சத்து இருபதாயிரம், தொண்ணூறாயிரம், முப்பதாயிரம். மேலத் தெரு, ஒரு லட்சம், ஒரு லட்சம், இல்லை." பத்தித் தலைப்புகளைத் தொடக்கத்தில் ஒரே ஒரு தடவை சொன்னதோடு சரி. இரண்டாவது தெரு வருவதற்குள் எந்த எண் எதைச் சொல்கிறது என்பது கேட்டவர்கள் மனதை விட்டுப் போய்விட்டது. கிழக்குத் தெருவிலிருந்து ஒரு அண்ணன் எழுந்து, "அப்ப நாங்க தொண்ணூறாயிரம் பாக்கியா?" என்றார். மேடையிலிருந்து, "இல்லண்ணே, முப்பதாயிரம்தான் பாக்கி" என்று பதில் வந்தது. அதுதான் வினை. காசோலை கொடுத்து ரசீதும் கையில் வைத்திருந்தவர்களிடம் நாலு பேர் நடுவில் பாக்கி என்று சொல்லியாகிவிட்டது. "கீழ குறிப்புல இருக்குண்ணே" என்று அப்புறம் விளக்கியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த வேலைக்கு வசூல் கேட்டுப் போனபோது, அந்தத் தெருவில் முதலில் வந்த பேச்சே அதுதான்.

எண்ணில் பிழை இல்லை. தாளில் கண் மேலே போய்ப் பத்தித் தலைப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும், நட்சத்திரத்தைக் கண்டால் அடிக்குப் போய்க் குறிப்பைப் படிக்கும். காது திரும்பிப் போகாது. ஒவ்வொரு எண்ணும் தான் எதன் எண் என்பதைத் தன்னோடு சொல்லிக்கொண்டுதான் வர வேண்டும். அடிக்குறிப்பில் இருக்கும் சங்கதி எண்ணுக்குப் பக்கத்திலேயே முழு வாக்கியமாக வந்தாக வேண்டும்.

சிலர் இதைப் புரிந்துகொண்டு, ஒவ்வொரு வரியையும் முழு வாக்கியமாக்கிவிடுவார்கள். "கிழக்குத் தெருவுக்கு விதித்தது இவ்வளவு, வந்தது இவ்வளவு, வர வேண்டியது இவ்வளவு. மேலத் தெருவுக்கு விதித்தது இவ்வளவு..." இதுவும் அட்டவணைதான், கோடு மட்டும் இல்லை. ஐந்து வரி, வரிக்கு மூன்று எண் என்றால் பதினைந்து எண் ஆகிறது, வெளியே போகும்போது ஒன்றுகூட ஒருவர் நினைவிலும் இருக்காது.

செய்ய வேண்டியது வேறு. அட்டவணையை மூடி வைத்துவிட்டு, கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர் என்ன கேட்பார் என்று யோசியுங்கள். எவ்வளவு வந்தது, யார் இன்னும் தர வேண்டும், எதற்குச் செலவானது, கையில் என்ன இருக்கிறது. அந்த வரிசையில் எழுதுங்கள். அதே ஊரணிக் கணக்கை எழுதினால் இப்படி வரும்:

"ஊரணி வேலைக்கு ஆறு லட்சம் ரூபாய் வசூலிக்க முடிவு செய்தோம். இதுவரை நான்கு லட்சத்து எண்பதாயிரம் வந்திருக்கிறது. மேலத் தெருவும் வடக்குத் தெருவும் முழுத் தொகையும் கொடுத்துவிட்டன. கிழக்குத் தெருவும் முழுத் தொகையும் கொடுத்துவிட்டது. அதில் முப்பதாயிரம் மட்டும் காசோலை. அது வங்கிக் கணக்கில் ஏற வேண்டும். தெற்குத் தெருவில் சிறு தொகை வர வேண்டும். வெளியூர்ப் புள்ளிகளிடமிருந்து வர வேண்டியது, சுமார் எண்பத்தைந்தாயிரம்.

இனிச் செலவு. மொத்தச் செலவு நான்கு லட்சத்து ஐம்பத்தைந்தாயிரம். இதில் பெரிய செலவு மண் அள்ளியதும் டிராக்டர் வாடகையும். அதற்கு மூன்று லட்சத்துப் பத்தாயிரம் ஆனது. அடுத்து, படித்துறை வேலைக்கு ஒன்றேகால் லட்சம். மீதி சில்லறைச் செலவு. இப்போது கையில் இருப்பது இருபத்தைந்தாயிரம்."

எதையெல்லாம் விட்டிருக்கிறேன் என்று பாருங்கள். தெற்குத் தெருவின் பாக்கி 5,500. அதை ஊர் முன்னால் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. வெளியூர்ப் பாக்கி சரியாக 84,500. வாசிக்கும்போது சுமார் எண்பத்தைந்தாயிரம் போதும். ஆனால் வந்த தொகையையும் கையிருப்பையும் "சுமார்" என்று சொல்லக் கூடாது, அங்கே ஊர் ஒத்துக்கொள்ளாது. "இனிச் செலவு" என்று தனியாக ஒரு வாக்கியம் வைத்திருப்பதும் காரணமாகத்தான். தாளில் தடித்த எழுத்தில் ஒரு தலைப்புப் போட்டு, ஒரு வரி இடம் விட்டால் பேச்சு மாறுவது தெரிந்துவிடும், மைக்கில் அந்த இடத்தை ஒரு வாக்கியம்தான் நிரப்ப வேண்டும்.

இப்படிச் செய்தால் கணக்கை மறைக்கிறார்கள் என்று யாராவது சொல்வார்களே என்ற கவலை நியாயமானது. அதற்குத்தான் முழு அட்டவணையையும் விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு, "தெருவாரிக் கணக்கு பலகையில் இருக்கிறது" என்று வாசிப்பிலேயே சேர்த்துவிட வேண்டும். தணிக்கையான கணக்கும் தனியாக இருக்கும். வாசிக்கும் சுருக்கம் இந்த இரண்டின் இடத்தையும் பிடிக்காது, பிடிக்கவும் கூடாது.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, கணக்குக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரை உட்கார வையுங்கள். உங்கள் வீட்டு ஆச்சி போதும். தாளைக் காட்டாமல் ஒரு முறை வாசித்துவிட்டு, "என்ன வந்தது, எது பாக்கி, கையில என்ன இருக்கு" என்று கேளுங்கள். எதில் தடுமாறுகிறாரோ அந்த வாக்கியத்தை மாற்றுங்கள். அவருக்கு இன்னொரு தடவை வாசித்துக் காட்டிப் புரிய வைத்தால் அது சோதனையே இல்லை.

வினையைக் கடைசி வரை பிடித்து வைப்பது

தமிழில் வினை கடைசியில்தான் வரும். ஆமாவா இல்லையா என்பதும் அங்கேதான் தெரியும். அதனால் நீள வாக்கியத்தைக் கேட்பவர், அத்தனையையும் மனதில் தூக்கிக்கொண்டு கடைசிச் சொல்லுக்காகக் காத்திருக்க வேண்டும். போன தடவை ஒருவர் எழுதிக்கொண்டு வந்தது:

"கடந்த பொதுக்குழுவில் உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க, ஒப்பந்ததாரரிடமிருந்து பெறப்பட்ட மதிப்பீட்டின் அடிப்படையில், தெற்குப் படித்துறையைச் செப்பனிட ஒதுக்கப்பட்ட தொகை முழுவதும் செலவிடப்படவில்லை."

இது நீளம் மட்டுமில்லை, கோளாறும்கூட. ஒரு காசுகூடச் செலவாகவில்லையா, கொஞ்சம் மிஞ்சியிருக்கிறதா? இரண்டு விதமாகவும் காதில் விழும். அந்த "இல்லை" வரும் நேரத்தில் யாராவது இருமினாலோ, வாசிப்பவருக்கு மூச்சு இறங்கிக் குரல் தேய்ந்தாலோ பொருளே தலைகீழ். உடைத்து எழுதுங்கள்: "தெற்குப் படித்துறைக்குப் பணம் ஒதுக்கினோம். பொதுக்குழு கேட்டபடி இதைச் செய்தோம். அதில் ஒரு பகுதிதான் செலவானது. மீதி கையில் இருக்கிறது." இல்லை என்று முடிகிற இடத்தில், முடிந்தால் என்ன நடந்தது என்பதை நேராகச் சொல்லிவிடுங்கள்.

ஒரு மூச்சில் ஒரு வாக்கியம் முடிய வேண்டும், அதற்கு மேல் போனால் வெட்டுங்கள். எல்லா வாக்கியமும் நாலு சொல்லில் முடிந்தால் தந்தி படிப்பது மாதிரி ஆகிவிடும் என்பதும் உண்மைதான், அதனால் நடுநடுவே கொஞ்சம் நீண்டால் பரவாயில்லை.

எண்ணை இலக்கத்தில் விடுவது

4,37,850 என்று தாளில் இருந்தால், வாசிப்பவர் மேடையில் நின்றபடி அதைச் சொல்லாக மாற்ற வேண்டும். பதற்றத்தில் பத்து மடங்கு தவறும். தொண்ணூறும் தொள்ளாயிரமும், எண்பதும் எண்ணூறும் வாசிப்பவர் வாயிலேயே புரளும். எழுதும்போதே சொல்லாக எழுதிக் கொடுங்கள்.

கேட்பவர் பக்கமும் ஒரு சிக்கல் உண்டு. நம் ஊரில் கூட்டம் நடக்கும் இடமெல்லாம் உயரமான கூரை, சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை. ஒலியை வாங்கிக்கொள்ள ஒரு பொருளும் இல்லாமல் எல்லாம் எதிரொலிக்கும். அந்த எதிரொலியில் இருநூறும் அறுநூறும் வித்தியாசமே தெரியாது, முதல் எழுத்து அடிபட்டால் மீதி ஒன்றுதான். முக்கியமான எண்ணை இரண்டு விதமாகச் சொல்லிவிடுங்கள்: "நான்கு லட்சத்து எண்பதாயிரம் வந்தது, அதாவது ஐந்தில் நான்கு பங்கு." ஒன்று தவறினாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். எல்லா எண்ணுக்கும் இப்படிச் செய்தால் சலிப்புத் தட்டும், ஒன்றிரண்டுக்குப் போதும்.

விலாசத்தை எழுத்தாக விடுவது

நகரத்தார் ஊரில் பெயருக்கு முன்னால் நிற்கும் விலாசம் சும்மா இல்லை, அது அந்தக் குடும்பத்தின் அடையாளம். பெரி.கரு. என்று தாளில் இருந்தால் வெளியூர்த் தம்பி அதை எப்படி வாசிப்பார் என்று சொல்ல முடியாது. அந்த வீட்டில் எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டு, புள்ளி இல்லாமல் முழு ஒலியாக எழுதிக் கொடுங்கள். "ரூ.", "திரு.", "வ.எண்" எல்லாவற்றுக்கும் இதே கதிதான், அதிலும் "வ.எண்" வாசிப்பில் வரவே வேண்டாம்.

மேற்கண்ட, கீழ்க்கண்ட

கேட்பவருக்கு மேலும் கிடையாது, கீழும் கிடையாது. பெயரைத் திரும்பச் சொல்லுங்கள்.

அடைப்புக்குறி

உள்ளே இருப்பது முக்கியம் என்றால் தனி வாக்கியம். இல்லையென்றால் அடித்துவிடுங்கள்.

நன்றிப் பட்டியல்

இதில் கலக்காதீர்கள். அது வேறு தாள், வேறு ஆள்.

பக்கம் திருப்பும் இடம்

வாக்கியம் ஒரு பக்கத்தில் தொடங்கி அடுத்த பக்கத்தில் முடியக் கூடாது. தாளை ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு, எழுத்தைப் பெரிதாக வைத்து, பக்கத்தின் அடியில் நாலு விரல் இடம் விடுங்கள், அப்போதுதான் வாசிப்பவர் தலை தாளுக்குள் குனிந்து குரல் மைக்கை விட்டு நழுவாது. தாள்களைப் பின் அடித்துக் கொடுக்காதீர்கள். எண் போட்டு உதிரியாகக் கொடுத்தால் முடிந்த தாளைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடலாம், மின்விசிறிக்குப் பறக்காமலிருக்க மட்டும் மேடையில் ஏதாவது பாரம் வைத்துவிடுங்கள்.