ஒரே மாதிரி ரெண்டு விடைத்தாள்: ‘காப்பி’ என்று சொல்வதற்கு முன் தவிர்க்க வேண்டியவை

வீட்டில் எழுதி போட்டோ எடுத்து அனுப்பச் சொன்ன கணக்கு டெஸ்ட். திருத்திக்கொண்டே வரும்போது ரெண்டு பேப்பர் வரிக்கு வரி ஒன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்கு, பழைய என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இருந்த அந்த ரயில் கணக்கு: 360 கி.மீ. தூரம், வேகம் மணிக்கு 5 கி.மீ. கூடினால் 1 மணி நேரம் குறைகிறது, வேகம் என்ன?

முதல் தவறு, எத்தனை வரி ஒத்துப்போகிறது என்று எண்ணுவது. இந்தக் கணக்கில் வேகத்தை x என்று வைத்தால் 360/x − 360/(x+5) = 1 வந்தே தீரும், அங்கிருந்து x² + 5x − 1800 = 0, பிறகு (x + 45)(x − 40) = 0, விடை 40. வகுப்பில் நாம் சொல்லிக்கொடுத்த வழியும் இதுதான், அப்புறம் நாற்பது பேரும் இதையே எழுதினால் அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? சரியான வரிகள் ஒத்திருப்பது கிட்டத்தட்ட எதையுமே சொல்லாது.

சரி, தப்பு ஒன்றாக இருந்தால்? இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். ரெண்டு பேரும் குறியை மாற்றி (x − 45)(x + 40) என்று எழுதி 45 என்று முடித்திருந்தால், அது ஆளுக்கு ஆள் தனியாகவே செய்கிற தப்பு. மற்ற பேப்பர்களைப் புரட்டினால் இன்னும் நாலைந்து பேராவது அதையே செய்திருக்க வாய்ப்புண்டு, அதனால் முழு வகுப்பின் பேப்பரையும் பார்க்காமல் ரெண்டை மட்டும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது.

ஆனால் ரெண்டிலும் x² + 5x − 1080 = 0 என்று இருந்து, அடுத்த வரி (x + 45)(x − 40) = 0 என்று சரியாக வந்தால் அது வேறு கதை. 45-ஐயும் 40-ஐயும் பெருக்கினால் 1800 தான், 1080 இல்லை. அந்த வரியிலிருந்து இந்த வரி பிறக்கவே முடியாது, ஆக ரெண்டு பேருமே அந்த இடத்தில் யோசித்து எழுதவில்லை, எதையோ பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்க நியாயம் உண்டு. எதைப் பார்த்து என்பதுதான் கேள்வி. ரெண்டு பேரும் ஒரே டியூஷனாக இருந்து, அங்கே கொடுத்த நோட்ஸிலேயே 1080 என்று தப்பாக இருந்தால்? இவன் அவனைப் பார்க்கவும் இல்லை, அவன் இவனைப் பார்க்கவும் இல்லை. ஒரு விநோதமான தப்பு ரெண்டு பேப்பருக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், யார் யாரைப் பார்த்தார் என்று சொல்லாது.

அடுத்தது, போட்டோவையே பேப்பராக எடுத்துக்கொள்வது. மங்கலான படத்தில் 1800-ம் 1080-ம் ஒன்று போலத் தெரியலாம். ஸ்கேனர் ஆப் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது மெல்லிய பென்சில் கோடு, அழித்த தடம் எல்லாம் போய்விடும், ‘அடித்தல் திருத்தல் எதுவுமே இல்லை, சுத்தமாக இருக்கிறது, அப்போ இவன்தான் பார்த்து எழுதினவன்’ என்று அதை வைத்து முடிவு கட்டுவது அநியாயம். ரஃப் வேறு தாளில் போட்டுவிட்டு நல்லபடியாகப் பெயர்த்து எழுதுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அசல் தாளையும் ரஃப் தாளையும் கொண்டுவரச் சொல்லுங்கள், ரெண்டு பேரையுமே.

நேரத்தை வைத்தும் துப்பறிய வேண்டாம். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் எப்போது எடுத்தது என்கிற விவரம் கூட வராது. ஆண்ட்ராய்டு போனில் IMG-20240714-WA0012.jpg என்று தெரிகிற பெயரில் இருக்கும் தேதியும் எண்ணும் உங்கள் போன் வைத்தவை, மாணவர் எழுதிய நேரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முதலில் அனுப்பினவர் முதலில் எழுதினவர் என்பதும் கிடையாது, நெட் பேக் தீர்ந்துபோய் ராத்திரி அனுப்புகிறவர்களும் உண்டு.

கேட்கும் விதத்தில்தான் காரியம் கெடுகிறது. ரெண்டு பேரையும் சேர்த்து நிற்கவைத்து ‘யார் யாரைப் பார்த்தீங்க’ என்றால் தைரியசாலி தப்பிப்பான், பயந்தவன் செய்யாததையும் ஒத்துக்கொள்வான். தனித்தனியாகக் கூப்பிட்டு, அந்த வரியைக் காட்டி, ‘இதிலிருந்து அடுத்த வரி எப்படிப்பா வந்துச்சு?’ என்று மட்டும் கேளுங்கள், ரெண்டு பேரிடமும் அதே வார்த்தையில். ‘சார், டியூஷன் நோட்ஸ்ல இப்படித்தான் இருக்கு’ என்று வந்தால் நோட்ஸை வாங்கிப் பாருங்கள். பதில் தெளியவில்லை என்றால் எண்ணை மட்டும் மாற்றி ஒரு கணக்கு: 300 கி.மீ., வேகம் 10 கூடினால் 1 மணி குறைகிறது. x² + 10x − 3000 = 0, விடை 50. போட்டுவிட்டால் அவருக்கு வழி தெரியும் என்று ஆகிறது, அவ்வளவுதான். போடாவிட்டாலும் காப்பி என்று ஆகிவிடாது, டீச்சர் எதிரே உட்கார்ந்தால் கை நடுங்குகிற பிள்ளைக்கு 45 பெருக்கல் 40 கூட மறந்துபோகும்.

இத்தனைக்குப் பிறகும் தெளியவில்லை என்றால், பெற்றோரிடமோ தலைமை ஆசிரியரிடமோ ‘காப்பி’ என்ற வார்த்தையைக் கொண்டுபோகாமல், எந்த வரி ரெண்டிலும் ஒன்றாக இருக்கிறது, கேட்டதற்கு ஒவ்வொருவரும் என்ன சொன்னார்கள் என்பதை மட்டும் எழுதிக் கொடுங்கள். 1080 வரிக்கு உண்டான மதிப்பெண்ணை ரெண்டு பேருக்குமே குறைக்கலாம், வரி தப்பு என்பதற்கு யார் சாட்சியும் தேவையில்லை.