மகன், மக்கள்: ஒரே ககரத்தின் இரண்டு ஒலிகளை எழுதிக் காட்டுவது எப்படி?

தொண்டையில் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு ‘மகன்’ என்று மெதுவாகச் சொல்லுங்கள். அதிர்வு தொடக்கம் முதல் முடிவு வரை அறுபடாது. அடுத்து ‘மக்கள்’ என்று சொல்லுங்கள். ‘க்க’ வரும் இடத்தில் அதிர்வு நின்று, மறுபடி தொடங்கும்.

காரணம் இதுதான். உயிரொலிகளுக்குக் குரல் நாண்கள் அதிர்ந்தாக வேண்டும். ‘மகன்’ என்பதில் இரண்டு அகரங்களுக்கு நடுவே நாக்கு காற்றை மறிக்கும் அடைப்பு மிகக் குறுகியது; அதற்குள் நாண்களை நிறுத்தி மறுபடி தொடங்குவதைவிட அதிரவிடுவதே எளிது. ‘க்க’ என்பதில் அடைப்பு நீளுகிறது. வாய்க்குள் காற்றழுத்தம் ஏறி, நாண்களின் வழியே காற்று ஓடுவது நின்றுவிடுகிறது, அதிர்வும் நிற்கிறது.

இந்த மாற்றம் இடத்தைப் பொறுத்துத் தானாகவே நடப்பது. அதனால் தமிழ்ச் சொற்களில் அதிராத k, அதிரும் ɡ என்ற வேறுபாடு மட்டும் பொருளை மாற்றுவதில்லை. ஓர் எழுத்தே போதுமாக இருப்பது அதனால்தான். கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே இதைத் தனியாக எடுத்துப் பேசுகிறார்.

இப்போது ‘தகப்பன்’ என்ற சொல்லை ஐ.பி.ஏ. எனப்படும் பன்னாட்டு ஒலிக்குறிகளில் எழுதுவோம்.

படி 1. எழுத்தில் உள்ளபடியே சாய்கோடுகளுக்குள் எழுதுங்கள். இது ஒலியன் நிலை: பொருளை மாற்றும் வேறுபாடுகளை மட்டும் காட்டுவது. ஒரு வல்லினத்துக்கு ஒரே குறி.

படி 2. ஒவ்வொரு வல்லினமும் நிற்கும் இடத்தைப் பாருங்கள். த சொல்லின் முதலில் நிற்கிறது: அதிர்வில்லை. க இரண்டு உயிர்களுக்கு நடுவில் ஒற்றையாக வருகிறது: அதிர்வு உண்டு. ப்ப இரட்டித்தது: அதிர்வில்லை, நீளம் உண்டு. (மெல்லினத்தை அடுத்து வந்தாலும் அதிரும்: ‘தம்பி’ என்பது [t̪ambi].)

படி 3. கேட்கும் ஒலியைச் சதுர அடைப்புக்குள் எழுதுங்கள். ‘காடு’ என்பதன் கடைசியில் வரும் [ɯ] குற்றியலுகரம்.

```
தகப்பன்  /t̪akappan/  [t̪aɡapːan]
மகன்     /makan/      [maɡan]
மக்கள்   /makkaɭ/     [makːaɭ]
காடு     /kaːʈu/      [kaːɖɯ]
```

படி 4. இங்கேதான் காது வேலை செய்ய வேண்டும். பலருடைய இயல்பான பேச்சில் ‘மகன்’ என்பதன் ககரம் முழு அடைப்பாக இருப்பதில்லை. அந்த ஒலியை மட்டும் இழுத்துப் பாருங்கள். இழுக்க முடிந்தால் காற்று உரசிக்கொண்டு போகிறது என்று பொருள்; [ɡ] அல்ல, [ɣ] எழுதுங்கள். சிலர் [mahan] என்றே சொல்வார்கள். அவர்களுக்கு [h] போடுங்கள். விதிக்காகக் காதில் விழுந்ததைத் திருத்த வேண்டாம்.

சகரம் இந்த வரிசைக்குள் முழுதாக அடங்காது. ‘பஞ்சு’ என்பதில் அதிர்ந்து [paɲdʑɯ] ஆகிறது. ‘பசி’ என்பதிலோ அதிராமல் உரசொலியாக [pasi] ஆகிறது. உயிர்களுக்கிடையில் ஒற்றையாக வரும் எல்லா வல்லினமும் நெகிழும், ஆனால் சகரம் போல அதிராததும் உண்டு.

கடன்சொற்களில் இடத்தை வைத்துக் கணக்கிட முடியாது. தமிழ்ச் சொல்லான ‘பயன்’ [pajan] என்று ஒலிக்கும். கடன்சொல்லான ‘பயம்’ பலருக்கு [bajam]. இரண்டிலும் பகரம் சொல்லின் முதலில்தான் நிற்கிறது. அப்படிப் பேசுபவரின் ‘பயம்’ என்ற சொல்லுக்குச் சாய்கோடுகளுக்குள்ளும் /bajam/ என்றே எழுத வேண்டும்.