"மழை, 4 × 3 = 12, சைட் டீம்": ரிஸ்க் ரெஜிஸ்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் பேஸ்மென்ட்டோடு கட்டும் எந்தப் புராஜெக்ட்டிலும், வரக்கூடிய சிக்கல்களைப் பட்டியலிடும் ரிஸ்க் ரெஜிஸ்டரைத் திறந்தாலும் இப்படி ஒரு வரி கண்ணில் படும்:

| ரிஸ்க் | வாய்ப்பு | பாதிப்பு | ஸ்கோர் | பொறுப்பாளர் | நடவடிக்கை |
|---|---|---|---|---|---|
| மழை | 4 | 3 | 12 | சைட் டீம் | கண்காணிக்கப்படும் |

ஆறு கட்டங்களும் நிரம்பியிருப்பதால் ஆடிட்டில் கேள்வி வராது. ஆனால் இந்த வரியை வைத்துக்கொண்டு யாரும் ஒரு வேலையும் செய்ய முடியாது. ஏன் என்று பார்க்க ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். வேளச்சேரிப் பக்கம் ஒரு அபார்ட்மென்ட். 20 மீட்டருக்கு 30 மீட்டர் குழி, ஆழம் 3 மீட்டர். ஆகஸ்ட் 1-ல் தோண்ட ஆரம்பித்து, செப்டம்பர் 10-க்குள் குழியின் அடி முழுக்கப் போடும் ராஃப்ட் கான்கிரீட், அக்டோபர் 10-க்குள் பேஸ்மென்ட்டின் சுற்றுச்சுவர் எழுப்பி வெளிப்பக்கம் மண் நிரப்புவது என்று திட்டம்.

முதல் தவறு முதல் கட்டத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான தேதி அக்டோபர் 20. சென்னைக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் இந்தப் பருவத்தில்தான் கிடைக்கிறது. அப்படியிருக்க மழை பெய்வது ரிஸ்க்கே அல்ல; நடக்கப்போவது உறுதி. அதற்கான வேலையில்லா நாட்களை அட்டவணையில் கழித்துவிட வேண்டும், ரெஜிஸ்டரில் எழுதக் கூடாது. உறுதியில்லாதது வேறு: மழை வரும்போது குழி இன்னும் திறந்து கிடக்குமா என்பதுதான். ஆகவே காரணம், நிகழ்வு, விளைவு மூன்றும் தெரியும்படி எழுத வேண்டும்: "ராஃப்ட்டுக்கான கம்பி வரைபடம் இறுதியாகாததால், அக்டோபர் 10-க்குள் சுவர் முடியாமல் போகலாம், போனால் திறந்த குழியில் தண்ணீர் நின்று பக்க மண் சரியும்." இப்படி எழுதியவுடனே எதைத் துரத்த வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. துரத்த வேண்டியது மேகத்தை அல்ல, வரைபடத்தை.

அடுத்தது எண்கள். 4 என்றால் என்ன, 3 என்றால் என்ன என்று எங்கும் எழுதிவைக்காமலே போடுவதுதான் வழக்கம். ஒருவருக்கு 3 என்றால் மூன்று நாள் தாமதம், இன்னொருவருக்கு மூன்று வாரம். ரெஜிஸ்டரின் முதல் பக்கத்திலேயே அளவுகோலை எழுதிவிடுங்கள். உதாரணமாக, வாய்ப்பு 3 என்றால் 30 முதல் 50 சதவீதம். பாதிப்பு 3 என்றால் இரண்டு வாரம் வரை தாமதம், 4 என்றால் ஒரு மாதம் வரை. பணத்துக்கும் பாதுகாப்புக்கும் தனித்தனி அளவுகோல் வேண்டும். மூன்றில் எது அதிகமோ அதுதான் பாதிப்பு எண். சராசரி எடுக்கக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியில் கட்டுமானத்துக்காகத் தோண்டிய ஆழமான குழி ஒன்று சரிந்து உயிர்கள் போயின. அந்த வகை விளைவை "இரண்டு வாரம் தாமதம்" என்று அளந்தால் 3 வரும். பாதுகாப்பு அளவுகோலில் அது 5, பேச்சே இல்லை.

பெருக்கலிலும் ஒரு பொறி இருக்கிறது. ரெடிமிக்ஸ் லாரி டிராஃபிக்கில் அரை மணி நேரம் தாமதமாவது 5 × 1. தோண்டும்போது மண்ணுக்கடியில் ஓடும் மின் கேபிளில் ஜேசிபி பல் படுவது 1 × 5. இரண்டுக்கும் ஸ்கோர் 5. ஸ்கோர் வாரியாக ஷீட்டை அடுக்கினால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் பச்சை நிறத்தில் உட்கார்ந்துகொள்ளும். 1 முதல் 5 வரையான எண்கள் வரிசையைத்தான் சொல்கின்றன, எடையை அல்ல. பாதிப்பு 4 என்பது 2-ஐப் போல இரண்டு மடங்கு என்று எந்த உறுதியும் இல்லை. அதனால்தான் மொத்த வரிகளின் ஸ்கோரையும் கூட்டி "புராஜெக்ட் ரிஸ்க் 184" என்று ஸ்லைடில் போடுவதற்கு அர்த்தமே கிடையாது. ஸ்கோரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் பாதிப்பு 5 என்றால் பெருக்கல் என்ன சொன்னாலும் சிவப்பு என்று ஒரு விதி சேர்க்க வேண்டும். C-யில் வாய்ப்பு, D-யில் பாதிப்பு, E-யில் ஸ்கோர் இருந்தால்:

```
=IF(OR(D2=5,E2>=12),"சிவப்பு",IF(E2>=6,"மஞ்சள்","பச்சை"))
```

பொறுப்பாளர் கட்டத்தில் "சைட் டீம்" என்று எழுதினால் அது காலியாக விட்டதற்குச் சமம். ஒரே ஒருவர் பெயர் இருக்க வேண்டும், அவருக்கு முடிவெடுக்கும் அதிகாரமும் இருக்க வேண்டும். பல இடங்களில் சைட் இன்ஜினியர் பெயரைப் போட்டுவிடுவார்கள், பாவம். இரண்டாவது பம்ப் வாடகைக்கு எடுக்க அவரால் கையெழுத்துப் போட முடியாது; பர்ச்சேஸுக்கு மெயில் அனுப்பிவிட்டுக் காத்திருப்பார். செலவுக்கு ஒப்புதல் தரக்கூடிய புராஜெக்ட் மேனேஜர் பொறுப்பாளர். பம்ப்பை ஓட்டும் சைட் இன்ஜினியரின் பெயர் நடவடிக்கைக் கட்டத்தில் வரட்டும். சந்தேகம் இருந்தால் ஒரு கேள்வி போதும்: இரவு 10 மணிக்குக் குழியில் தண்ணீர் ஏறினால் யாருக்கு போன் போகும், அவர் எதை உத்தரவிட முடியும்?

நடவடிக்கைக் கட்டம்தான் அதிகம் ஏமாற்றுவது. "கண்காணிக்கப்படும்" என்பது நடவடிக்கை அல்ல. "பம்ப் வைக்கப்படும்" என்பதும் பாதிதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 600 சதுர மீட்டர் குழியில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் நேராக விழுவது மட்டும் 60,000 லிட்டர். மணிக்கு 30,000 லிட்டர் தள்ளும் பம்ப் இரண்டு மணி நேரத்தில் காலி செய்துவிடும். ஆனால் குழியை மூழ்கடிப்பது மேலே இருந்து விழும் தண்ணீரைவிட, தெருவிலிருந்து வழிந்து வருவதும் பக்கத்து மண்ணிலிருந்து ஊறுவதும்தான். எனவே குழியைச் சுற்றி மண்மூட்டைக் கரை முதலில், பம்ப் பிறகு. தண்ணீர் தேங்கினால் பாதுகாப்புக்காகக் கரண்டை நிறுத்திவிடுவார்கள் என்பதால் மின்சார பம்ப்பை மட்டும் நம்ப முடியாது, டீசல் பம்ப் வேண்டும். தெருவே ஏரியாகிவிட்டால் இறைத்த தண்ணீரை எங்கே விடுவது என்பதையும் இப்போதே தீர்மானிக்க வேண்டும். கூடவே, விடாமல் இறைத்தால் பக்கத்து வீட்டு அஸ்திவாரத்துக்கு அடியிலிருந்து மணலும் சேர்ந்து வந்துவிடும். அது நம் நடவடிக்கையால் பிறக்கும் புது ரிஸ்க்; அதற்குத் தனி வரி.

இவையெல்லாம் குழி திறந்து கிடந்தால் செய்ய வேண்டியவை. திறந்து கிடக்காமல் பார்த்துக்கொள்ள, தூண்டுதல் தேதி தேவை. ஆகஸ்ட் 20 வரை தோண்டல் தொடங்கவில்லை என்றால் ஜனவரிக்குத் தள்ளுவது. செப்டம்பர் 10-ல் ராஃப்ட் முடியவில்லை என்றால் இரண்டாவது ஷட்டரிங் குழுவை இறக்குவது. இதை ஜூலையிலேயே ஒப்புக்கொண்டு எழுதிவைக்காவிட்டால், செப்டம்பரில் எல்லோரும் "இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்" என்பார்கள்.

திருத்திய வரி:

| ரிஸ்க் | வாய்ப்பு | பாதிப்பு | ஸ்கோர் | பொறுப்பாளர் | நடவடிக்கை |
|---|---|---|---|---|---|
| கம்பி வரைபடம் தாமதமாகி, அக்டோபர் 10-க்குள் சுவர் முடியாமல், திறந்த குழியில் மண் சரிதல் | 3 | 5 | 15 | புராஜெக்ட் மேனேஜர் | வரைபடம் ஜூலை 25-க்குள். ஆகஸ்ட் 20, செப்டம்பர் 10 முடிவுத் தேதிகள். மண்மூட்டைக் கரை, 2 டீசல் பம்ப் செப்டம்பர் 30-க்குள் (சைட் இன்ஜினியர்) |

கடைசியாக ஒன்று. நடவடிக்கையை எழுதிய அன்றே ஸ்கோரை 15-லிருந்து 5-க்கு இறக்கிவிடுவார்கள். பம்ப் இன்னும் வாடகைக் கடையில்தான் இருக்கும். இன்றைய ஸ்கோர், இலக்கு ஸ்கோர் என்று இரண்டு கட்டங்கள் வையுங்கள். வரைபடம் கைக்கு வந்தால் வாய்ப்பு இறங்கும். பம்ப்பும் கரையும் வந்தால் தண்ணீர் தேங்குவது குறையும்; ஆனால் குழிக்குள் ஆள் இறங்கி வேலை செய்யும்வரை பாதிப்பு 5-லேயே நிற்கும். சுவருக்கு வெளியே மண் நிரப்பிய பிறகு வரியை அழிக்காமல், தேதி போட்டு "மூடியது" என்று குறித்துவிடுங்கள்.