மதகுச் சாவி யார் கையில்? எபிசோடை முடிக்கும் இடமும் முன்கதைச் சுருக்கமும்

வாய்க்கால் தண்ணீர்த் தகராறு பற்றிய ஒரு வாராந்தரத் தொடரை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் எபிசோடின் கடைசிக் காட்சி: கடைமடை வாய்க்காலில் முறைத் தண்ணீர் வரவேண்டிய இரவு. மதகை யாரோ அடைத்துவிட்டார்கள். நாயகி டார்ச் அடிக்கிறாள், முகம் திரும்புகிறது. நாம் முகத்தைப் பார்க்கும் முன்பே, அவள் "சித்தப்பா, நீங்களா?" என்றதும் வெட்டிவிடுங்கள். ஆள் யாரென்று தெரிந்துவிட்டது, ஏன் செய்தார் என்பதுதான் அடுத்த வாரத்துக்கான கேள்வி. ஆள் யார் என்பதை மட்டும் மறைத்தால் அடுத்த எபிசோடின் முதல் நொடியிலேயே சஸ்பென்ஸ் தீர்ந்துவிடும்.

நான்காம் எபிசோடின் முன்கதைச் சுருக்கம் 30 நொடி போதும். நடந்ததையெல்லாம் அடுக்காதீர்கள், இந்த எபிசோடுக்குத் தேவையான ஷாட்கள் மட்டும். முதல் எபிசோடில் சித்தப்பா மதகுச் சாவியை அடகுக்கடை ரசீதோடு சேர்த்து வைத்த ஷாட் இன்று பயன்படும் என்றால், அதை நடுவில் வையுங்கள். கடைசியில் வைத்தால் பதில் அடகுதான் என்று பார்வையாளர் ஊகித்துவிடுவார். சுருக்கத்தின் கடைசி ஷாட் "சித்தப்பா, நீங்களா?" என்ற அந்தக் கேள்வியாகவே இருக்கட்டும்.

இன்னொன்று, முடிவையும் அடுத்த எபிசோடின் தொடக்கத்தையும் ஒரே இரவில் எடுத்துவிடுங்கள். தண்ணீர் முறை வேறொருவருக்கு மாறினால் வாய்க்காலில் நீர்மட்டம் மாறிவிடும், இரண்டு காட்சிகளும் ஒட்டாது.