பிசைந்த சப்பாத்தி மாவு கருத்துவிட்டால், சுட்டால் சரியாகிவிடுமா?

குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மூன்று நாள்களாக இருந்த சப்பாத்தி மாவைத் திறந்து பார்க்கும்போது, அதன் மேற்புறம் சாம்பல் பூத்ததுபோல் கருத்திருப்பதைச் சமையலுக்குப் புதியவர்கள் பலரும் கண்டிருப்பார்கள். உடனே இரண்டு கேள்விகள் எழும். மாவு ஏன் இப்படி ஆனது என்பது முதல் கேள்வி. எப்படியும் கல்லில் சுடத்தானே போகிறோம், அந்தச் சூட்டில் எல்லாம் சரியாகிவிடாதா என்பது இரண்டாவது. இவை இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் சிலர் நல்ல மாவைக் குப்பையில் கொட்டுகிறார்கள், வேறு சிலர் கொட்ட வேண்டிய மாவைச் சுட்டுச் சாப்பிடுகிறார்கள். கருத்த மாவு கையில் இருக்கும்போது எதை, எந்த வரிசையில் பார்த்து முடிவெடுப்பது என்பதைக் கீழே படிப்படியாகத் தருகிறேன்.

முதலில், மாவு ஏன் கருக்கிறது

முழுக் கோதுமையை அரைத்த மாவில் தவிடும் இருக்கிறது. அந்தத் தவிட்டில் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்னும் நொதி உள்ளது. உலர்ந்த மாவில் அது சும்மா இருக்கும். நாம் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தவுடன் வேலையைத் தொடங்கி, காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு, கோதுமையில் இயல்பாக இருக்கும் சில பொருள்களைக் கரும்பழுப்பு நிறமிகளாக மாற்றுகிறது. வெட்டி வைத்த கத்தரிக்காயும் ஆப்பிளும் கருப்பது இதே வகை நொதியால்தான். குளிரில் அதன் வேகம் குறையுமே தவிர, நின்றுவிடாது. காற்று படும் இடத்திலேயே இது நடப்பதால் மேற்புறம் முதலில் கருக்கிறது, உட்புறம் நெடுநேரம் வெளுப்பாகவே இருக்கிறது. தவிடு நீக்கப்பட்ட மைதா மாவு இந்த அளவுக்குக் கருக்காததற்கும் காரணம் இதுவே.

ஆகவே சீராகப் படர்ந்த சாம்பல் நிறம் கிருமிகளின் வேலை அன்று. அந்த நிறத்தால் உடலுக்குக் கேடும் இல்லை. ஆனால் நிறம் கெடுதலைக் காட்டவில்லை என்பதால் மாவு கெடவில்லை என்று ஆகிவிடாது. இந்த இடத்தில்தான் பலருக்கும் சறுக்குகிறது.

இதை என் சமையலறையில் ஒருமுறை சோதித்துப் பார்த்தேன். ஒரு வெள்ளிக்கிழமை இரவு 400 கிராம் கோதுமை மாவை 250 மில்லி தண்ணீரில் பிசைந்து, பாதியை அன்றைக்கே சுட்டுவிட்டு, மீதியை இரண்டு உருண்டைகளாகப் பிரித்தேன். ஒன்றை அதைவிடப் பெரிய டப்பாவில் அப்படியே போட்டு மூடினேன். மற்றொன்றின் மேல் எண்ணெய் தடவி, காற்று புகாதபடி நெகிழித் தாளால் ஒட்டச் சுற்றினேன். ஞாயிறு மாலை பார்த்தபோது, முதல் உருண்டை சுற்றிலும் சாம்பல் நிறமாகி, மேல்தோல் காய்ந்திருந்தது. இரண்டாவது ஏறத்தாழப் பிசைந்த அன்று இருந்தபடியே இருந்தது. இரண்டும் ஒரே மாவு, ஒரே நேரத்தில் பிசைந்தவை, ஒரே தட்டில் குளிர்ந்தவை. பாதுகாப்பைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வேறுபாடில்லை. இதே எண்ணெய் தடவிச் சுற்றிய உருண்டை ஒரு நாள் முழுக்கச் சமையல் மேடையில் கிடந்திருந்தால், கருத்த உருண்டையைவிட வெளுப்பாகத் தெரிந்தாலும் அதைத்தான் நான் தூக்கி எறிந்திருப்பேன்.

படி 1: மாவு கடந்து வந்த நேரத்தைக் கணக்கிடுங்கள்

மாவைத் தொடுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். பிசைந்தது எப்போது, பெட்டிக்குள் வைப்பதற்கு முன் எவ்வளவு நேரம் வெளியே இருந்தது, இடையில் எத்தனை முறை எடுத்துத் திரும்ப வைத்தீர்கள், மின்சாரம் நீண்ட நேரம் நின்றதா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். வெளியே இருந்த நேரத்தை எல்லாம் கூட்ட வேண்டும், ஏனெனில் மீண்டும் குளிர வைப்பதால் முன்பு பெருகிய கிருமிகள் குறைந்துவிடுவதில்லை.

நான் பின்பற்றும் வரம்பு இது. 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் குறைவான குளிரில் இருந்த, வெறும் மாவும் தண்ணீரும் உப்பும் சேர்ந்த மாவை இரண்டு நாள்களுக்குள் பயன்படுத்தலாம். மூன்றாம் நாளைக் கடைசி எல்லையாகக் கொள்ள வேண்டும். வெளியே இருந்த மொத்த நேரம் இரண்டு மணிநேரத்தைத் தாண்டக்கூடாது. அறையின் வெப்பம் 32 டிகிரிக்கு மேல் இருந்தால் அது ஒரு மணிநேரம். பால் சேர்த்துப் பிசைந்த மாவை மறுநாளே முடித்துவிடுவது நல்லது.

என் ஞாயிற்றுக்கிழமை மாவையே எடுத்துக்கொள்வோம். பிசைந்து 46 மணிநேரம் ஆகியிருந்தது. பெட்டிக்குள் போகுமுன் 45 நிமிடம் வெளியே இருந்தது. சனிக்கிழமை சுடலாம் என்று எடுத்து, மனம் மாறித் திரும்ப வைத்ததில் இன்னும் 30 நிமிடம். மொத்தம் ஒன்றேகால் மணிநேரம், அறையும் புழுக்கமாக இல்லை. எனவே அது இந்தப் படியைத் தாண்டியது. தாண்டாத மாவுக்கு அடுத்த படிகள் தேவையே இல்லை, அதை அப்போதே எறிந்துவிடலாம்.

படி 2: உருண்டையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள்

கத்தியால் நடுவே வெட்டுங்கள். வெளியே சாம்பல் நிறமும் உள்ளே மாவின் இயல்பான நிறமும் இருந்தால், அது காற்றுபட்ட கருப்பு. பழுப்பு நிறத்தில் தூவியதுபோல் தெரியும் சிறு துகள்கள் தவிட்டுத் துணுக்குகள், அவற்றைக் கண்டு கலங்க வேண்டாம். மாறாக, பச்சை, கருப்பு, இளஞ்சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறப் புள்ளிகளோ பஞ்சுபோன்ற படலமோ எங்காவது இருந்தால் அது பூஞ்சை அல்லது பிற நுண்ணுயிர். அந்தப் பகுதியை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்தக்கூடாது. பிசைந்த மாவு ஈரமும் மென்மையும் உடையது என்பதால், கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை இழைகள் உள்ளேயும் சென்றிருக்கும்.

படி 3: முகர்ந்தும் தொட்டும் பாருங்கள், சுவைத்துப் பார்க்காதீர்கள்

நல்ல மாவில் பச்சை மாவு மணம் இருக்கும். இரண்டாம் நாள் மிக இலேசான புளிப்பு மணம் வரலாம். மூக்கைத் துளைக்கும் புளிப்பு, கள் போன்ற வாடை, அழுகல் நாற்றம் ஆகியவை வந்தால் எறிந்துவிடுங்கள். மாவு சிறிது தளர்வது இயல்பு, மாவிலுள்ள நொதிகள் அதன் இழுவையைக் குறைக்கின்றன. ஆனால் நீர் கசிந்து, விரலில் பிசுபிசுவென்று நூல்போல் இழுத்தால் அது வேறு கதை.

பச்சை மாவை நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. புதிதாகப் பிசைந்த மாவிலேயே இது வேண்டாம், ஏனெனில் வேகாத கோதுமை மாவில் சால்மோனெல்லா, ஈ. கோலை போன்ற கிருமிகள் இருக்கக்கூடும்.

சூடு எதைச் செய்யும், எதைச் செய்யாது

இப்போது அந்த இரண்டாவது கேள்விக்கு வருவோம். தோசைக்கல்லின் மேற்பரப்பு 200 டிகிரிக்கு மேல் சூடாகலாம், ஆனால் சப்பாத்தியின் உள்ளே ஈரம் இருக்கும்வரை அதன் வெப்பம் ஏறத்தாழ 100 டிகிரியைத் தாண்டாது. சப்பாத்தி உப்புவதே உள்ளிருக்கும் நீர் ஆவியாவதால்தான். முழுவதும் உப்பி நன்றாக வெந்த சப்பாத்தியில் சால்மோனெல்லாவும் ஈ. கோலையும் உயிரோடு இருக்காது. இந்த அளவில் சூடு நம்மைக் காப்பது உண்மை.

சூட்டுக்கு அடங்காதவை இரண்டு உண்டு. ஒன்று, பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள். இவை தானியங்களில் சாதாரணமாகக் காணப்படுபவை, கொதிநிலையையும் தாங்குபவை. மாவு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகும். இரண்டாவதும் முக்கியமானதும், கிருமிகள் ஏற்கெனவே உமிழ்ந்துவிட்ட நச்சுகள். பேசில்லஸ் சீரியஸின் ஒரு வகை உண்டாக்கும் வாந்தி நச்சு, 121 டிகிரியில் 90 நிமிடம் சூடாக்கினாலும் செயலிழக்காதது. கையிலுள்ள புண்ணிலிருந்தோ மூக்கிலிருந்தோ மாவுக்குப் போகக்கூடிய ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியாவின் நச்சும் கொதிநிலையைத் தாங்கும். பூஞ்சை நச்சுகள் பலவும் அப்படியே. கிருமி செத்துவிடும், அது விட்டுச்சென்ற நஞ்சு சப்பாத்தியிலேயே இருக்கும். அத்தகைய உணவைச் சாப்பிட்ட சில மணிநேரத்திலேயே வாந்தி தொடங்கலாம்.

இந்த நச்சுகளுக்கு நிறமோ வாடையோ கிடையாது. அதனால்தான் நேரக் கணக்கை முதல் படியாக வைத்தேன். 4 டிகிரிக் குளிரில் ஸ்டெஃபைலோகாக்கஸ் வளராது, பேசில்லஸ் சீரியஸின் பெரும்பாலான வகைகளும் வளர்வதில்லை. எனவே முறையாகக் குளிரில் இருந்த மாவு கருத்திருந்தாலும் சுட்டுச் சாப்பிடலாம். வெளியே கிடந்து கெட்ட மாவை எவ்வளவு கருகச் சுட்டாலும் மீட்க முடியாது.

படி 4: தேறிய மாவைச் சுடுவது

காய்ந்த மேல்தோலை உரித்து எறியுங்கள். அது பாதுகாப்புக்காக அன்று, தேய்க்கும்போது கட்டி கட்டியாக நின்று சப்பாத்தியைக் கிழிக்கும் என்பதற்காக. மீதியைச் சிறிது பிசைந்து, பத்து நிமிடம் மூடி வைத்து, மெல்லியதாகத் தேய்த்து, நன்கு காய்ந்த கல்லில் இருபுறமும் ஈரத்தடம் இல்லாமல் சுடுங்கள். நிறம் சற்று மங்கலாகவே வரும். எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மாவை மட்டும் வெளியே எடுங்கள், எடுத்ததைத் திரும்ப வைக்காதீர்கள்.

படி 5: அடுத்த முறை கருக்காமல் வைப்பது

பிசைந்ததும் மாவைத் தட்டையான சிறு பங்குகளாகப் பிரியுங்கள். ஒரு கிலோ உருண்டையின் நடுப்பகுதி குளிர்வதற்குப் பல மணிநேரம் ஆகும், உள்ளங்கை அகலத் தட்டை விரைவில் குளிர்ந்துவிடும். எண்ணெயை மெல்லப் பூசி, தாளுக்கும் மாவுக்கும் நடுவே காற்று நிற்காதபடி சுற்றுங்கள். கதவுத் தட்டில் வைக்காமல் உள்ளே பின்புறமாக வைக்க வேண்டும், ஏனெனில் கதவைத் திறக்கும்போதெல்லாம் முதலில் சூடாவது அந்தத் தட்டுதான். எலுமிச்சைச் சாறு சில துளிகள் சேர்த்தால் நொதியின் வேகம் குறையும் என்பது சரிதான். ஆனால் எனக்கு அந்தப் புளிப்பு பிடிப்பதில்லை, எண்ணெயும் இறுக்கமான தாளுமே போதும்.

பொதியின் மேல் பிசைந்த நாளையும் மணியையும் எழுதி ஒட்டிவிடுங்கள். மூன்று நாள்களுக்குள் தீராது என்று முன்பே தெரிந்தால், பிசைந்த அன்றே உறைபெட்டியில், அதாவது மைனஸ் 18 டிகிரியில், வைத்துவிடுங்கள். வேண்டியபோது முந்தைய இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றி, அந்தக் குளிரிலேயே இளக விட வேண்டும். மேடையில் வைத்து இளக்கினால் உட்புறம் உறைந்திருக்கும்போதே வெளிப்புறம் அறையின் சூட்டுக்கு வந்துவிடும்.