சில்லறைக் கணக்கில் கிரீடி எங்கே சறுக்குகிறது? டைனமிக் புரோகிராமிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேள்வி எளிது. சில மதிப்புகளில் நாணயங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். ஒரு தொகையை மிகக் குறைந்த எண்ணிக்கையிலான நாணயங்களில் கொடுக்க வேண்டும். முதலில் தோன்றும் வழி, கொடுக்க முடிகிற மிகப் பெரிய நாணயத்தை எடுப்பது, மீதிக்கும் அதையே செய்வது. இதுதான் கிரீடி முறை. நம் கையில் புழங்கும் 1, 2, 5, 10, 20 ரூபாய் நாணயங்களிலும், அவற்றோடு 50, 100, 200, 500 நோட்டுகளைச் சேர்த்தாலும், இந்த முறை ஒரு தொகையில்கூடத் தவறாது. வம்பே அங்கேதான். இந்த மதிப்புகளை வைத்தே சோதித்துப் பார்ப்பவருக்கு கிரீடி எப்போதும் சரி என்றுதான் தோன்றும்.

தவறுகிற உதாரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டாம். 1957-இல் இந்தியாவில் தசம நாணய முறை வந்தபின் புழங்கிய பைசா காசுகள் 1, 2, 5, 10, 25, 50. இந்தத் தொகுதியில் கிரீடி சரியாக வேலை செய்யும். 1964-இல் 3 பைசா சேர்ந்தது, அப்போதும் கெடவில்லை. 1968-இல் 20 பைசா வந்தது, கெட்டது. 40 பைசா கொடுக்க வேண்டும் என்று வையுங்கள். கிரீடி முதலில் 25 எடுக்கும், மீதி 15, அதற்கு ஒரு 10, ஒரு 5. ஆக மூன்று காசுகள். இரண்டு 20 பைசா போதுமே!

ஏன் இப்படி ஆகிறது? 25-ஐ எடுத்ததால் எவ்வளவு குறைந்தது என்று மட்டும் கிரீடி பார்க்கிறது. மீதி 15-ஐக் கொடுக்க எத்தனை காசு ஆகும் என்று பார்ப்பதில்லை. 20-ஐ எடுத்திருந்தால் முதல் அடியில் 5 பைசா குறைவுதான், ஆனால் மீதி ஒரே காசில் முடிந்திருக்கும். பழைய அணாக் கணக்கில் 1 ரூபாய்க்கு 16 அணா. காசுகளும் 1, 2, 4, 8 அணா என்று ஒன்று அடுத்ததை மீதியின்றி வகுக்கும். அப்படி அமைந்தால் கிரீடி தவறவே தவறாது, ஒரே மதிப்பில் போதிய காசுகள் சேர்ந்தால் அவை எப்போதும் ஒரு பெரிய காசாக மாறிவிடும். ஆனால் அப்படி வகுபட்டால்தான் கிரீடி சரிவரும் என்று எண்ணிவிடக் கூடாது. 10 என்பது 25-ஐ வகுக்காது, ஆனாலும் 1957-இன் தொகுதி சரியாக இருந்தது. கண்ணால் பார்த்துச் சொல்லிவிடக்கூடிய விஷயம் இல்லை இது.

இதைவிட மோசமான சறுக்கல் ஒன்று உண்டு. கல்லாவில் 5 பைசாவும் அதற்குக் கீழான காசுகளும் தீர்ந்துவிட்டன, 10, 20, 25 மட்டும் இருக்கின்றன. அதே 40 பைசாவுக்கு கிரீடி 25, 10 எடுத்துவிட்டு 5-இல் மாட்டிக்கொள்ளும், "கொடுக்க முடியாது" என்று கை விரிக்கும். இங்கே காசு ஒன்று கூடுதலாகப் போவது அல்ல பிரச்சினை, விடை இருக்கும்போதே இல்லை என்று சொல்லிவிடுகிறது. மதிப்பு 1 இல்லாத தொகுதிகளில் இதை எதிர்பார்த்தே இருங்கள்.

சரி, ஒரு தொகுதியில் கிரீடியை நம்பலாமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மதிப்பு 1 உள்ள தொகுதியாக இருந்தால், கோசன், ஸாக்ஸ் என்ற கணினி அறிவியலாளர்கள் இருவரும் 1994-இல் நிறுவிய எல்லை கைகொடுக்கும். கிரீடி எங்காவது தவறுமானால், மிகப் பெரிய இரண்டு நாணயங்களின் கூட்டுத்தொகைக்குக் கீழேயே ஒரு முறையாவது தவறும். 25 வரையிலான நம் பைசாக்களுக்கு 20 + 25 = 45. அதற்குள் எல்லாத் தொகைகளையும் சரியான முறையோடு ஒப்பிட்டால் போதும், 40-இல் பிடிபட்டுவிடும். சும்மா பத்துத் தொகைகளைத் தோராயமாகப் போட்டுப் பார்த்துவிட்டு "பாஸ்" என்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அந்தச் சரியான முறைதான் டைனமிக் புரோகிராமிங். 0-இலிருந்து கேட்ட தொகை வரை ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்சக் காசு எத்தனை என்று ஒரு பட்டியலில் எழுதிக்கொண்டே வர வேண்டும். 5, 10, 20, 25 என்ற நான்கு காசுகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். பட்டியல் இப்படி வரும்: 0-க்கு 0, 5-க்கு 1, 10-க்கு 1, 15-க்கு 2, 20-க்கு 1, 25-க்கு 1, 30-க்கு 2, 35-க்கு 2. இப்போது 40. கடைசியாகக் கொடுத்த காசு 5 என்றால் மீதி 35, அதாவது 2 + 1 = 3. 10 என்றால் மீதி 30, மறுபடியும் 3. 25 என்றால் மீதி 15, அதுவும் 3. 20 என்றால் மீதி 20, அது 1 + 1 = 2. கிரீடி பார்க்காமல் விட்ட மீதியை இங்கே நான்கு வழியிலும் பார்த்துவிட்டோம்.

```python
def min_coins(coins, amount):
    INF = amount + 1
    dp = [0] + [INF] * amount
    last = [0] * (amount + 1)
    for a in range(1, amount + 1):
        for c in coins:
            if c <= a and dp[a - c] + 1 < dp[a]:
                dp[a] = dp[a - c] + 1
                last[a] = c
    return dp, last
```

எழுதும்போது முதலில் கவனிக்க வேண்டியது தொடக்க மதிப்புகள். `dp[0]` மட்டும் 0, மற்றதெல்லாம் எட்ட முடியாத பெரிய எண். எல்லாவற்றையும் 0 என்று தொடங்கினால், எந்த விடையும் அதைவிடச் சிறியதாக வராது, பட்டியல் முழுக்க 0-ஆகவே நிற்கும். சி++ எழுதுபவர்கள் வழக்கமாக `INT_MAX` போடுவார்கள். அதோடு 1 கூட்டினால் பெரும்பாலும் -2147483648 ஆகிவிடும், குறைந்தபட்சம் தேடும் நிரல் அதையே விடையாகப் பிடித்துக்கொள்ளும். விடையில் பெரிய கழித்தல் எண் வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். `amount + 1` போட்டால் இந்தத் தொல்லை இல்லை. மதிப்பு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் `amount`-க்கு மேல் காசுகள் தேவைப்படாது. கடைசியில் `dp[amount]` அந்த எண்ணாகவே இருந்தால், அந்தத் தொகையைக் கொடுக்கவே முடியாது என்று அர்த்தம். இந்தச் சோதனையை மறந்துவிட்டு அந்த எண்ணையே விடையாக அச்சிடும் நிரல்களும் உண்டு.

எந்தெந்தக் காசு என்று தெரிய `last` வேண்டும். `last[40]` 20, அதைக் கழித்தால் 20, `last[20]` மறுபடி 20, அப்புறம் 0. சிலர் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு, காசுகளைத் தேட மீண்டும் பெரியதிலிருந்து எடுக்க ஆரம்பிப்பார்கள். எண்ணிக்கை 2 என்று வரும், கூடவே 25, 10, 5 என்று மூன்று காசு வரும்!

வளையங்களின் வரிசையிலும் ஒரு பொறி இருக்கிறது. குறைந்தபட்சம் கேட்கும்போது காசு வெளியே இருந்தாலும் தொகை வெளியே இருந்தாலும் ஒன்றுதான். எத்தனை விதமாகக் கொடுக்கலாம் என்று எண்ணும்போது அப்படியில்லை. 10, 20 பைசாக்களில் 40 கொடுக்க மூன்று விதம்: 20+20, 20+10+10, நான்கு 10. தொகையை வெளி வளையமாக வைத்தால் 5 என்று வரும், ஏனென்றால் 20, 10, 10 என்பதும் 10, 20, 10 என்பதும் 10, 10, 20 என்பதும் தனித்தனியாக எண்ணப்பட்டுவிடும். காசு வெளியே இருக்க வேண்டும்:

```python
ways = [1] + [0] * amount
for c in coins:
    for a in range(c, amount + 1):
        ways[a] += ways[a - c]
```

இதே அமைப்பில் குறைந்தபட்சத்தைக் கணக்கிடும்போது, ஒவ்வொரு பொருளையும் ஒரு முறை மட்டுமே எடுக்க விடும் ஒற்றைப் பட்டியல் நேப்சாக் நிரலின் பழக்கத்தில் உள் வளையத்தைத் தொகையிலிருந்து கீழ்நோக்கி ஓட்டுபவர்கள் பலர். அப்படி ஓட்டினால் ஒவ்வொரு காசும் ஒரே ஒரு முறைதான் பயன்படும். 5, 10, 20, 25-இல் 40 கேட்டால் 20+20 கிடைக்காது, 25+10+5 தான் மிஞ்சும், விடை 3. கிரீடி சொன்ன அதே தப்பான விடையை டைனமிக் புரோகிராமிங்கே சொல்லும். ஆகவே இரண்டும் ஒரே விடை தந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து எதையும் உறுதி செய்துகொள்ளாதீர்கள். ஒரே காசை இரண்டு முறை கேட்கும் 40 போன்ற ஒரு தொகையின் விடையைக் கையால் போட்டு, அதோடு ஒப்பிடுங்கள்.